அந்த ஆறு இலக்கத்தைச் சுற்றி இருக்கும் சொற்கள்

கொழும்பில் ஒரு வங்கியின் கார்ட் பிரிவில் ஆறு வருடம் தமிழ் அழைப்புகளை எடுத்தேன். தமிழுக்கான இலக்கத்தை அழுத்தினால் என் குரல் வரும். கார்டைத் தொலைத்தவர்கள், பில் விளங்காதவர்கள், வெளிநாடு போகுமுன் தகவல் சொல்பவர்கள் என்று நாள் போகும். அதற்கிடையில் ஒரே மாதிரித் தொடங்கும் அழைப்பு ஒன்று அடிக்கடி வரும்: "உங்கட ஆக்கள்தான் லிமிட் கூட்டித் தாறம் எண்டு எடுத்தவை..."

அப்படி எடுத்த ஒருவரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். புறக்கோட்டையில் குடையும் பையும் விற்கிற கடை, வீடு வெள்ளவத்தையில். தீபாவளிக்குச் சரக்கு எடுக்க அவருக்கு உண்மையாகவே கூடுதல் லிமிட் தேவைப்பட்டிருந்தது. இரண்டரை இலட்சத்தை ஐந்து இலட்சமாக்கித் தருகிறோம் என்று ஒருவன் பகல் இரண்டரை மணிக்கு அழைத்திருக்கிறான். நல்ல தமிழ். "பேங்கிலயிருந்து தமிழில கதைக்கினமே எண்டு சந்தோசப்பட்டன், பிள்ளை" என்றார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும் அழைப்புகளுக்குப் பழகிப்போன மனிதருக்குத் தன் மொழியில் ஒரு குரல் கேட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே கரைந்துவிடும். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. அதே சந்தோசத்தை எத்தனையோ பேர் என் குரலைக் கேட்டும் பட்டிருக்கிறார்கள்.

மீதிப் பாதியைக் கரைத்தது அவருடைய கார்ட் நம்பர். தொடக்கத்து ஆறு இலக்கங்களை அவன் சரியாகச் சொல்லி, "மிச்சத்தை நீங்க சொல்லி உறுதிப்படுத்துங்க ஐயா" என்றிருக்கிறான். அந்த ஆறு இலக்கமும் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. முதல் இலக்கம் 4 என்றால் விசா, 5 என்றால் பெரும்பாலும் மாஸ்டர்கார்ட். அடுத்தவை எந்த வங்கி, எந்த வகைக் கார்ட் என்பதைக் காட்டும். ஒரே வங்கியில் ஒரே வகைக் கார்ட் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவை பொதுவானவை. இது தெரியாததால், தன்னைப் பற்றி எல்லாம் அறிந்தவன்தான் பேசுகிறான் என்று ஐயா நம்பிவிட்டார். மீதி இலக்கங்கள், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாம் கொடுத்தாயிற்று. பிறகு ஓடிபி வரத் தொடங்கியது. மூன்று வந்தன. மூன்றையும் வாசித்துக் கொடுத்தார்.

என்னிடம் அவர் எடுத்தபோது மூன்று மணி பத்து. முதலில் கார்டை நிறுத்தினேன். கதையைப் பிறகு கேட்கலாம். அடுத்து, "அந்த மெசேஜைத் திறந்து வாசியுங்கோ ஐயா" என்றேன். உடனே இலக்கத்தைச் சொன்னார்.

"நம்பர் வேண்டாம் ஐயா, எனக்கும் சொல்லாதேங்கோ. முதல் சொல்லிலயிருந்து மற்றதை வாசியுங்கோ."

மெசேஜ் ஆங்கிலத்தில். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். கேள்விப்படாத ஒரு ஒன்லைன் கடையின் பெயர் வந்தது. அதற்குப் பின் 64,500 ரூபா. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கடைக்குள் யாரோ விலை கேட்பது மட்டும் கேட்டது. பிறகு, "இதில லிமிட் எண்டு ஒண்டும் இல்லையே, பிள்ளை" என்றார்.

இல்லைதான். மெசேஜில் பொய் ஒன்றும் இருக்கவில்லை. அது வங்கியே அனுப்பியது. பழைய மெசேஜ்களின் அடியிலேயே வந்து நின்றதால்தான் அவருக்கு நம்பிக்கை இன்னும் கூடியது. எதற்காக இந்த இலக்கம், எந்தக் கடைக்கு, எவ்வளவு காசு என்பதை அது எழுதியே காட்டியது. அழைத்தவனின் வேலை, ஓடிபியின் ஆறு இலக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் வாசிக்காமல் பார்த்துக்கொள்வது. "கெதியாச் சொல்லுங்க ஐயா, நம்பர் காலாவதியாகிடும்" என்று அவசரப்படுத்தினானாம். ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாவது உண்மைதான். ஆனால் லிமிட் கூட்டுகிற வேலை பொதுவாக அந்தச் சில நிமிடத்தில் நடப்பதில்லை.

இரண்டாவது ஓடிபி 98,000 ரூபாவுக்கு. மூன்றாவதில் தொகையே இல்லை. கார்டை ஒரு போனின் வொலட்டில் சேர்ப்பதற்கான இலக்கம் அது. காசு எழுதியிருக்காததால் பலர் அதைச் சின்ன விசயமாக நினைப்பார்கள். நான் அதற்குத்தான் அதிகம் பயந்தேன். கொள்வனவுக்கு வரும் ஓடிபி அந்த ஒரு கொள்வனவோடு முடிந்துவிடும். வொலட்டில் கார்ட் ஏறிவிட்டாலோ, அந்தப் போனைக் கடையில் தட்டிக் காசு கொடுக்கலாம், ஒவ்வொரு தடவையும் ஐயாவுக்கு ஓடிபி வராது. அவர் ஏற்கனவே 38,000 ரூபா பாவித்திருந்தார். இரண்டு கொள்வனவும் சேர்ந்து 1,62,500. மீதி 49,500 ரூபா அந்தப் போனுக்குத் திறந்தே கிடந்தது.

அதனால் கார்டை நிறுத்தியதோடு விடாமல், வொலட்டில் ஏறிய பதிவைத் தேடி அதையும் அழித்தேன். கார்டைப் புதிதாக மாற்றும்போது வொலட்டில் இருக்கும் பதிவு புதிய கார்டுக்குத் தானாகவே மாறிக்கொள்வதும் உண்டு. உண்மையான வாடிக்கையாளருக்கு அது வசதி, இப்படியான நேரத்தில் ஆபத்து. ஹொட்லைனுக்கு எடுப்பவர்கள், "எந்தப் போனிலாவது என் கார்ட் சேர்ந்திருக்கிறதா, அதையும் நீக்குங்கள்" என்று வாய்விட்டே கேட்க வேண்டும். பதிவிலிருக்கும் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் மாறியிருக்கிறதா என்றும் பார்த்தேன். மாறியிருக்கவில்லை.

"காசு திரும்பி வருமா?" என்று கேட்டார். வரும் என்று நான் சொல்லவில்லை. ஓடிபி கொடுத்து உறுதிப்படுத்திய கொள்வனவு என்றால் விற்ற கடை பெரும்பாலும் பொறுப்பேற்காது. நீங்களே இலக்கத்தைக் கொடுத்தீர்கள் என்று வங்கியும் சொல்லும். ஆனால் பிடித்துவைத்த தொகை கடைக்குப் போய்ச் சேர முன்னர் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. உடனே எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். அன்றே எழுத்தில் முறைப்பாடு தரச் சொன்னேன், பொலிஸுக்கும் போகச் சொன்னேன். வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோரின் முறைப்பாட்டைக் கவனிக்கும் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் பேசலாம் என்றும் சொன்னேன்.

98,000 ரூபாவுக்கான பொருளைக் கடை இன்னும் அனுப்பியிருக்கவில்லை. எங்கள் பிரிவு தொடர்புகொண்டதும் அதை ரத்துச் செய்தார்கள். 64,500 ரூபா ஏதோ டிஜிட்டல் வவுச்சர், வாங்கிய நிமிடமே பாவித்து முடித்திருந்தார்கள். அந்தக் காசை ஐயா மாதாமாதம் கட்டித் தீர்த்தார். ஒவ்வொரு மாதமும் அந்த வரியைப் பில்லில் பார்த்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு, ஓடிபி பற்றி எடுக்கும் எவரிடமும் "யாருக்கும் சொல்லாதேங்கோ" என்பதோடு நான் நிறுத்தவில்லை. அந்த எச்சரிக்கை எல்லோருக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரிந்திருந்தது. பேங்க் ஆளுக்குச் சொல்வது "யாருக்கும்" என்பதில் சேராது என்று அவர் நினைத்துவிட்டார். அதனால் மெசேஜை முதல் சொல்லிலிருந்து வாசிக்கப் பழக்கினேன். ஆங்கிலம் வராதவர்களுக்கு, கடைப் பெயரையும் தொகையையும் எங்கே தேடுவது என்று சொல்லிக்கொடுத்தேன். கார்டை ஒன்லைனில் பாவிக்காதவர்களுக்கு, அந்த வசதியையே நிறுத்திவைக்க முடியுமென்றால் நிறுத்தித் தந்தேன்.

லிமிட் கூட்டும் ஆசையை ஐயா விடவில்லை, விடவும் தேவையில்லை. கிளைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தார். கடையின் வருமானக் கணக்கைக் கேட்டார்கள், அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையைப் பார்த்தார்கள். சில நாட்கள் எடுத்தன. கேட்டது ஐந்து இலட்சம், கிடைத்தது மூன்றரை. அது வந்த அன்று எனக்கு எடுத்து, மெசேஜை முதல் சொல்லிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார். புதிய தொகையைச் சொல்லும் ஒரே ஒரு வரி அது. அதில் யாருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டிய இலக்கம் எதுவும் இருக்கவில்லை.