180 ஸ்லைடு லோட்டோ பயிற்சியைச் சிறு பாடங்களாக உடைத்தது: எங்கே சிக்கியது

மெஷினைப் பூட்டு போட்டு நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலை பார்க்கும் முறைக்கு ஷாப் ஃப்ளோரில் லோட்டோ என்று பெயர். அதற்கான பழைய பயிற்சி பிபிடி ஒன்றில் 180 ஸ்லைடு. அதைத் தனித்தனியாகப் பார்த்தாலே புரியும் ஐந்து நிமிடப் பாடங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கம் எழுத வேண்டும். வேலை முடிந்து இப்போது ஓடுகிறது. வழியில் பட்ட பாடு, இதே வேலையை எடுப்பவர்களுக்குப் பயன்படும்.

பயிற்சிப் பிரிவு முதலில் சொன்னது: "பதினைந்து ஸ்லைடுக்கு ஒரு பாடம் என்று வெட்டிவிடுங்கள்." தயவுசெய்து இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கில் வெட்டினால் ஹைட்ராலிக் பிரெஸ் பகுதி, பிரேக்கரில் பூட்டும் டேகும் மாட்டியதோடு முடிந்துவிடும். தேங்கிய ஆற்றலை வெளியேற்றுவது அடுத்த பாடத்துக்குப் போய்விடும். முதல் பாடத்தை மட்டும் பார்த்த ஃபிட்டர், பூட்டியாச்சு என்று, பிரெஸ்ஸில் மேலும் கீழும் நகர்ந்து அழுத்தும் பாகமான ராமுக்கு அடியில் கையை விடுவார். மின்சாரம் போனாலும் மேலே நிற்கும் ராம் தன் எடையிலேயே இறங்கும், எண்ணெயை அழுத்தத்தோடு தேக்கிவைக்கும் அக்குமுலேட்டரில் அழுத்தமும் அப்படியே இருக்கும். பாடத்தை எங்கே வெட்டக் கூடாது என்பதற்கு இதுவே அளவுகோல்: பார்த்தவர் அந்த இடத்தில் எழுந்துபோய் வேலையைத் தொடங்கினால் ஆபத்து வருமா? வரும் என்றால் அங்கே கத்தி வைக்கக் கூடாது.

அதனால் தலைப்புகளை விட்டுவிட்டு வேலைகளை எண்ணினோம். பவர்பாயிண்டில் Outline View திறந்து, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எதிரே "இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் என்ன செய்வார்?" என்று எழுதினோம். பதில் கிடைக்காத ஸ்லைடுகள், அதாவது நிறுவன வரலாறு, ஒரே விதியை வேறு வார்த்தையில் சொல்பவை எல்லாம், தனிக் கோப்புக்குப் போயின. மிச்சத்தை Add Section வைத்துக் குழுக்களாக்கியது சுலபமான வேலை.

கஷ்டம் கொடுத்தவை "முன்பு பார்த்தது போல" என்று தொடங்கும் ஸ்லைடுகள். பூட்டு மாட்ட அனுமதி பெற்ற பணியாளர் யார், மெஷின் பூட்டப்படுவதால் வேலை பாதிக்கப்படும் பணியாளர் யார் என்ற விளக்கம் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. பூட்டை யார் கழற்றலாம் என்ற பாடம் முழுக்க அதை நம்பியே நிற்கிறது. பூட்டியவர்தான் பூட்டைக் கழற்ற வேண்டும் என்ற ஒரு வரியை, தேவைப்படும் ஒவ்வொரு பாடத்திலும் திரும்ப வைத்தோம். திரும்பச் சொல்வதில் தவறில்லை. தனியாக நிற்கும் பாடத்துக்கு அது அவசியம். ஒவ்வொரு கோப்பிலும் "முன்பு", "மேலே", "அடுத்து" என்ற சொற்களை Find போட்டுத் தேடுங்கள். விட்டுப்போனவை உடனே தெரியும். உள் இணைப்புகளையும் ஷோ ஓடவிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். குறிவைத்த ஸ்லைடு வேறு பாடத்துக்குப் போயிருந்தால் பட்டன் பார்க்க அப்படியே இருக்கும், வேலைதான் செய்யாது.

இன்னொரு இடி, பேச்சாளர் குறிப்புகள் காலி. வால்வு படமும் ஒரு சிவப்பு அம்புக்குறியும் மட்டும் இருந்த ஸ்லைடுகள் பல. விளக்கம் எல்லாம் பழைய பயிற்சியாளர் வாயில் இருந்தது. மின்பராமரிப்பு மேற்பார்வையாளரிடம் "இந்த ஸ்லைடுகளைக் கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்டால் பதிலே வராது. "இந்த அம்பு காட்டும் வால்வை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த கேஜைப் பார்க்க வேண்டும்?" என்று படத்தோடு கேட்டால் அன்றே வரும்.

சுருக்கத்தில்தான் அதிக வாக்குவாதம். வந்த முதல் வரைவு இது: "இந்தப் பாடத்தில் தேங்கிய ஆற்றலின் வகைகள், அதை வெளியேற்றும் முறைகள் பற்றி அறிந்தோம்." இது பொருளடக்கம். படித்தவருக்கு எதுவும் கிடைக்காது. மாற்றி எழுதியது:

"பிரேக்கரைப் பூட்டினாலும் ராம் இறங்கலாம். அதைத் தாங்கும் சேஃப்டி பிளாக்கை வையுங்கள். அக்குமுலேட்டர் அழுத்தத்தை வெளியேற்றி, கேஜ் பூஜ்யம் காட்டுவதைப் பாருங்கள். அருகில் யாரும் இல்லை என்று உறுதிசெய்து ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். மெஷின் ஓடக் கூடாது. பிறகு கண்ட்ரோலை மறுபடியும் ஆஃப் நிலைக்குக் கொண்டுவாருங்கள்."

கடைசி வரி வேண்டாம், நீளம் என்றார்கள். விடவில்லை. கண்ட்ரோல் ஆன் நிலையிலேயே கிடந்தால், பூட்டைக் கழற்றி மின்சாரம் கொடுத்ததும் சில மெஷின்கள் தானே ஓடத் தொடங்கிவிடும். சுருக்கம் சரியா என்று பார்க்க, பாடத்தைப் பார்க்காத ஒரு ஃபிட்டரிடம் அதை மட்டும் கொடுத்து, என்னென்ன செய்வீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னோம். அவர் எந்த இடத்தில் தயங்கினாரோ அந்த வரியைத் திருத்தினோம். சுருக்கத்தை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தேவையான ஸ்லைடுகளை மட்டும் எடுத்தபோது வேலை வேகமாக நகர்ந்தது.

பழைய ஸ்லைடு எண், அது போன பாடம், திரும்ப வைத்த வரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு எக்செல் தாள் கட்டாயம் வையுங்கள். பூட்டைக் கழற்றும் விதி மாறினால், எந்தெந்தப் பாடங்களைத் திறந்து திருத்த வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.