ஒன்பது பிக்குகள் வேண்டும்: சங்கப் பிளவு பற்றிய நாட்குறிப்பு

2025 ஜனவரி 13, திங்கள்

இன்று பௌர்ணமி. புத்தர் காலத்துப் பிக்குகளுக்கு இது உபோசத நாள். ஓர் எல்லைக்குள் வசிக்கும் பிக்குகள் அனைவரும் மாதம் இருமுறை ஓரிடத்தில் கூடி, தங்கள் ஒழுக்க விதிகளின் தொகுப்பாகிய பாதிமோக்கத்தை ஒருவர் ஓத மற்றவர்கள் கேட்க வேண்டும். நோயால் வர இயலாதவர் தம் சம்மதத்தை இன்னொருவர் மூலம் சொல்லி அனுப்ப வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அந்தச் சடங்கு செல்லாது.

பௌத்த சங்கம் ஏன் நிகாயங்கள் எனப்படும் பல பிரிவுகளாகப் பிரிந்தது என்று படிக்கத் தொடங்கிய எனக்கு, முதலில் இந்தச் சடங்கே கண்ணில் பட்டது. கொள்கையில் மாறுபடுவதைச் சங்கபேதம், அதாவது சங்கப் பிளவு என்று பிக்குகளின் ஒழுக்க நூலாகிய விநயம் கருதவில்லை. ஓர் எல்லைக்குள் ஒரு பக்கம் நான்கு பேர், மறுபக்கம் நான்கு பேர், வேறுபட்ட கருத்தை அறிவித்து வாக்குக் குச்சியை எடுக்கச் சொல்ல ஒன்பதாமவர் ஒருவர் என்று பிரிந்து, தனித்தனியே உபோசதம் நடத்தினால்தான் அது சங்கபேதம். ஒன்பதுக்குக் குறைந்தால் அது வெறும் விரிசல். ஆகவே பிளவின் காரணத்தைத் தேடுகிறவர், யார் எதை நம்பினார்கள் என்பதைவிட, யார் யாருடன் உட்கார்ந்து எந்த விதிகளை ஓத மறுத்தார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 15, புதன்

பொங்கல் விருந்தினர் கிளம்பிய பிறகு, புத்தர் மறைந்த பின் ராஜகிருகத்தில் பிக்குகள் கூடி நடத்திய முதல் சங்கீதியைப் பற்றி, விநய நூலான சுல்லவக்கம் சொல்லும் பகுதியைப் படித்தேன். பிளவுக்கான விதை அங்கேயே கிடக்கிறது.

புத்தர் தமக்கு அடுத்த தலைவர் என்று எவரையும் நியமிக்கவில்லை. தாம் போதித்த தர்மமும் வகுத்த விநயமுமே இனி ஆசான் என்று சொல்லிவிட்டார். அத்துடன், சங்கம் விரும்பினால் சிறு விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்றும் தம் பணிவிடைச் சீடரான ஆனந்தரிடம் சொல்லியிருந்தார். சங்கீதியில் ஆனந்தர் இதைத் தெரிவித்தபோது, எவை சிறு விதிகள் என்று புத்தரிடம் கேட்டீர்களா என்று மூத்த பிக்குகளாகிய தேரர்கள் கேட்டார்கள். அவர் கேட்கவில்லை. சங்கத்திலிருந்தே நீக்கும் குற்றங்களாகிய நான்கு பாராஜிகங்கள் நீங்கலாக மற்றவை எல்லாம் சிறியவை என்றார் ஒருவர். இல்லை, அவற்றுக்கு அடுத்த நிலைக் குற்றங்களாகிய பதின்மூன்று சங்காதிசேசங்களையும் பெரியவையாகக் கொள்ள வேண்டும் என்றார் இன்னொருவர். பட்டியல் இப்படியே நீண்டுகொண்டு போயிற்று. முடிவில் மகாகாசியபர், எதையும் நீக்க வேண்டாம், எதையும் சேர்க்கவும் வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் சொன்ன காரணம் சுவையானது: நம் விதிகள் இல்லறத்தாருக்கும் தெரியும், இப்போது சிலவற்றைக் கைவிட்டால், கௌதமர் வகுத்த விதிகள் அவருடைய சிதையின் புகை அடங்கும் வரைதான் நின்றன என்று ஊர் பேசும்.

எல்லாம் முடிந்த பிறகு, தக்கிணகிரியிலிருந்து ஐந்நூறு பிக்குகளுடன் புராணர் என்ற தேரர் வந்து சேர்ந்தார். சங்கீதியில் தொகுக்கப்பட்டதை ஏற்குமாறு அவரிடம் கேட்டார்கள். தேரர்கள் நன்றாகவே ஓதியிருக்கிறார்கள், ஆனால் பகவானின் வாயிலிருந்து நான் நேரில் கேட்டதையே நான் மனத்தில் வைத்துக்கொள்வேன் என்றார் அவர். சண்டையில்லை, தண்டனையுமில்லை. எழுத்துப் பிரதி இல்லாத காலத்தில், நினைவுக்கு எதிராக நினைவை வைத்தால் தீர்ப்புச் சொல்ல மேலே எவரும் இல்லை.

ஜனவரி 18, சனி

மரபுக் கணக்கின்படி நூறு ஆண்டுகள் கழித்து, வைசாலி.

உபோசத நாளில் வஜ்ஜி நாட்டுப் பிக்குகள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் நீர் நிரப்பிச் சங்கத்தின் நடுவில் வைக்கிறார்கள். வரும் இல்லறத்தாரிடம், சங்கத்தின் தேவைகளுக்காக ஒரு கஹாபணமோ, அரையோ, காலோ, ஒரு மாசகமோ போடுங்கள் என்று கேட்கிறார்கள். விருந்தினராக வந்திருந்த யசர் என்ற பிக்கு, போடாதீர்கள், பொன்னும் வெள்ளியும் சாக்கிய புத்திரருக்கு ஆகாது என்று தடுக்கிறார். மக்கள் போட்டுவிடுகிறார்கள். இரவு கழிந்ததும் காசைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டு, யசருக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறார்கள். அவர் மறுக்கிறார். பக்தர்களின் மனத்தைப் புண்படுத்தினீர் என்று குற்றம் சாட்டி, அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி அவருக்குத் தண்டனை விதிக்கிறார்கள்.

யசர் ஊருக்குள் போகிறார். ஆனால் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, சூரியனையும் சந்திரனையும் மேகமும் பனியும் புகைத்தூசும் ராகுவும் மறைப்பதுபோல், கள்ளும் காமமும் பொன் வெள்ளியும் தவறான பிழைப்பும் துறவியை மறைக்கும் என்ற புத்தரின் உவமையை எடுத்துச் சொல்கிறார். ஊர் அவர் பக்கம் சாய்கிறது. அடுத்து அவரை விலக்கிவைக்க முயல்கிறார்கள். அவர் கோசாம்பிக்குப் போய், மேற்கிலும் தெற்கிலும் உள்ள பிக்குகளுக்கு ஆளனுப்புகிறார்.

நான் இரண்டு முறை படித்த இடம் இதற்குப் பின்னால் வருகிறது. எதிர்த்தரப்பினர் படகு நிறையப் பாத்திரங்களும் சீவரங்கள் எனப்படும் துறவாடைகளும் ஏற்றிக்கொண்டு, செல்வாக்குள்ள ரேவதத் தேரரைத் தேடிச் செல்கிறார்கள். அவர் எதையும் வாங்கவில்லை. அவருடைய பணிவிடைக்காரரான உத்தரரை வற்புறுத்தி ஒரு சீவரத்தை ஏற்கச் செய்து, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்கிறார்கள்: புத்தர்கள் கிழக்கு நாடுகளில்தான் தோன்றுகிறார்கள், கிழக்குப் பிக்குகளே தர்மம் பேசுபவர்கள். ரேவதர் உத்தரரைத் தம்மிடமிருந்து விலக்கிவிடுகிறார். காசு வாதத்தின் மேல்தோல்தான். உள்ளே கிழக்கா மேற்கா என்ற கேள்வி இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

வைசாலிப் பிக்குகள் மீது சுமத்தப்பட்டவை பத்து வழக்கங்கள். கொம்பில் உப்பைச் சேமித்து வைப்பது, நண்பகல் தாண்டி நிழல் இரண்டு விரற்கடை சாயும் வரை உண்பது, ஓரம் வைக்காத ஆசனத்துணி, காசு வாங்குவது என்று போகிறது பட்டியல். படிப்பவர் சிரித்துவிட்டுக் கடந்துவிடக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் கடந்தேன்.

ஆனால் நான்காவதும் ஐந்தாவதும் வேறு வகை. ஒரே எல்லைக்குள் இருக்கும் பல உறைவிடங்கள் தனித்தனியே உபோசதம் நடத்தலாம் என்பது ஒன்று. சங்கம் முழுமையாகக் கூடாமலே ஒரு செயலை முடித்துவிட்டு, வராதவர்களிடம் பிறகு சம்மதம் வாங்கிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிளவைத் தடுக்கும் பூட்டையே கழற்றிவிடுகின்றன. ஊர்கள் பெருகி, விகாரைகள் பெருகி, எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது கடினமான காலத்தில் இந்த வழக்கங்கள் தாமாகவே தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். கெட்ட எண்ணம் தேவையில்லை.

எழுநூறு பேர் கூடினார்கள். முடிவில்லாத பேச்சு எழுந்து, எவர் சொன்னதும் எவருக்கும் விளங்காமல் போகவே, கிழக்கிலிருந்து நால்வர், மேற்கிலிருந்து நால்வர் என எண்மர் குழுவிடம் வழக்கு ஒப்படைக்கப்பட்டது. ரேவதர் கேட்க, துறவேற்று நூற்றிருபது ஆண்டுகள் ஆனவர் என்று சொல்லப்படும் சப்பகாமித் தேரர் விடை சொன்னார். இவர் ஆனந்தரிடம் பயின்றவர், கிழக்குத் தரப்பைச் சேர்ந்தவர். கொம்பு உப்பு ஆகுமா? ஆகாது. எங்கே தடுக்கப்பட்டது? சாவத்தியில். என்ன குற்றம்? சேமித்ததை உண்ட குற்றம். இப்படி ஒவ்வொன்றாகப் போய், ஆசான் செய்தது என்பதால் தானும் செய்வது என்ற ஒன்று மட்டும் சில வேளை ஆகும், சில வேளை ஆகாது என்று முடிந்தது. மற்ற ஒன்பதும் தள்ளப்பட்டன. சுல்லவக்கம் இத்துடன் நின்றுவிடுகிறது. பிளவு பற்றி ஒரு சொல் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

பிளவைச் சொல்வது, இலங்கையில் பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட தீபவம்சம். வைசாலியில் தோற்றவர்கள் பதினாயிரம் பேராகத் தனியே கூடி மகாசங்கீதி நடத்தினார்கள், மூல நூலைக் குலைத்தார்கள், அவர்களே மகாசாங்கிகர்கள் என்கிறது அது. இலங்கையில் நிலைத்த பிரிவினரான தேரவாதிகளின் பாடப்புத்தகக் கதை இதுதான்.

இதில் ஒட்டாத ஒன்று உண்டு. மகாசாங்கிகர்களின் சொந்த விநயம் சீன மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அதுவும் வைசாலிக் கூட்டத்தை நினைவுகூர்ந்து, காசு வாங்கியதைக் கண்டிக்கிறது. தோற்றவர்களின் வாரிசுகள் தங்கள் முன்னோரையே கண்டித்துத் தம் நூலில் எழுதி வைப்பார்களா?

மகாசாங்கிகர் பக்கத்துக் கதை, சாரிபுத்திர பரிபிருச்சை என்ற நூலின் சீன மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அதன்படி, தேரர் ஒருவர் பழைய விநயத்தைத் திருத்தி விரிவாக்க முயன்றார், மற்றவர்கள் எதிர்த்தார்கள், அரசன் முன்னிலையில் இரு நிறக் குச்சிகளால் வாக்கெடுத்தபோது பழையதையே வேண்டியவர்கள் பெரும்பான்மை. எனவே மகா சங்கத்தார் என்று அவர்களுக்குப் பெயர். விரிவை விரும்பியவர்களில் மூத்தவர்கள் மிகுதி, ஆகவே ஸ்தவிரர்கள், அதாவது மூத்தோர்; தேரர் என்பதும் அதே சொல்தான்.

இரு கட்சியும் தன்னைப் பழமையின் காவலனாகவே சொல்லிக்கொள்ளும்போது, விதிகளை எண்ணிப் பார்ப்பதுதான் வழி. தேரவாதப் பாதிமோக்கத்தில் 227 விதிகள், மகாசாங்கிகத்தில் 218. வேறுபாடு ஒன்பது, அந்த ஒன்பதும் சேகியங்கள் எனப்படும் நடை, உடை, உணவு பற்றிய சிறு விதிகளில் வருகிறது: அங்கே 75, இங்கே 66. தர்மகுப்தகர்கள் என்ற இன்னொரு பிரிவினரிடம் சேகியங்கள் 100. அவற்றில் ஸ்தூபத்துக்குக் காட்ட வேண்டிய மரியாதை பற்றியவை மட்டும் 26. ஸ்தூப வழிபாடு பெருகிய பின் சேர்ந்தவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வளர்ந்துகொண்டே போகும் பகுதி எது என்பது தெரிகிறது. அது மகாசாங்கிகத்தில்தான் மிகச் சுருக்கமாக இருக்கிறது.

தீபவம்சத்தின் குற்றச்சாட்டே இதற்கு வலு சேர்க்கிறது. பரிவாரம், அபிதம்ம நூல்கள், படிசம்பிதா, நித்தேசம், ஜாதகத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை அவர்கள் ஒதுக்கினார்கள் என்கிறது அது. இன்றைய ஆய்வாளர்கள் பிற்காலத்தவை என்று கருதும் பகுதிகள் பெரும்பாலும் இவையே. புதிதாகச் சேர்ந்ததை ஏற்காதவர்களை, இருந்ததை நீக்கியவர்கள் என்று எதிர்த்தரப்பு எழுதியது போல்தான் தெரிகிறது. சார்ல்ஸ் பிரெபிஷும் ஜான் நாட்டியரும் 1977இல் இவ்வாறு வாதிட்டார்கள். எனக்கு இது ஏற்புடையதாக இருக்கிறது, எண்ணிக்கை குறைவு மட்டுமே பழமைக்கு முழுச் சான்றாகாது என்றாலும்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை, மறுபடியும் உபோசத நாள்.

மகாதேவர் என்ற பிக்குவின் ஐந்து வாதங்களைச் சொல்லாமல் விட முடியாது. முழு விடுதலை பெற்றவராகிய அருகதருக்கும் உறக்கத்தில் கசிவு நேரலாம், அறியாமையும் ஐயமும் இருக்கலாம், பிறர் சொல்லி அறியலாம், வாய்விட்டுக் கூவும் ஒரு சொல்லிலிருந்து மார்க்கம் பிறக்கலாம் என்பவை அவை. சர்வாஸ்திவாதம் என்ற இன்னொரு பிரிவின் மரபு பிளவுக்கு இதையே காரணமாக்குகிறது. அந்த மரபின் உரைநூலாகிய மகாவிபாஷையோ மகாதேவரைத் தாயையும் தந்தையையும் அருகதரையும் கொன்றவராகச் சித்திரிக்கிறது. எதிராளியை இவ்வளவு கறுப்பாகத் தீட்டும்போது எனக்கு நம்பிக்கை குறைகிறது. இந்த வாதம் பிறகு மகாசாங்கிகர்களுக்குள்ளேயே எழுந்த பிரிவோடு சேர்ந்ததாக இருக்கலாம்.

கல்லில் இருப்பது வேறு. சாரநாத், சாஞ்சி, கோசாம்பித் தூண்களில், சங்கத்தைப் பிளப்பவர் பிக்குவானாலும் பிக்குணியானாலும் வெள்ளாடை உடுத்தி, விகாரைக்கு வெளியே வசிக்க வேண்டும் என்று அசோகர் பொறித்திருக்கிறார். அரசன் மூன்று ஊர்களில் எச்சரிக்க நேர்ந்தது என்றால், விரிசல் அப்போது விகாரைகளுக்குள் பேச்சாக இருந்திருக்க வேண்டும். எந்தக் கொள்கையையும் அவர் குறிப்பிடவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விநய நூல்களைத் தேடிச் சீனத்திலிருந்து வந்த ஃபாஹியான், வட இந்தியாவில் எங்கும் ஆசான் வாய்மொழியாகவே ஓதக் கண்டார். படியெடுக்க ஏடு கிடைக்கவில்லை. பாடலிபுத்திரத்தில், அதுவும் ஒரு மகாயான விகாரையில், மகாசாங்கிக விநயத்தின் பிரதி அவருக்குக் கிடைத்தது. புத்தர் உயிரோடிருந்தபோது முதல் மகா சங்கம் பின்பற்றியது இதுவே என்று அங்கே சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டார். பதினெட்டு நிகாயங்களும் தத்தம் ஆசான்களைக் கொண்டவை, பெரிய விஷயங்களில் அவை வேறுபடுவதில்லை, சிறியவற்றில்தான் மாறுபடுகின்றன என்றும் குறிக்கிறார். ஊர் திரும்பிய பின் அவரும் புத்தபத்ரரும் சேர்ந்து அதை மொழிபெயர்த்தார்கள்; நான் சென்ற வாரம் எண்ணிய 218 விதிகளும் அந்தப் பிரதியிலிருந்து வந்தவையே.