சின்னவளின் உண்டியலும் ஒரு கன்னிக் குட்டியும்

14 ஜனவரி 2025

பொங்கல் சாமான் வாங்கப் போன இடத்தில் சின்னவள் ஒரு மண் உண்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எதற்கு என்று கேட்டால் ஆட்டுக்குட்டி வாங்கவாம். எங்கள் விளாத்திகுளம் பக்கம் கன்னி ஆடு என்றால் தெரியாதவர் கிடையாது, கருப்பு உடம்பு, முகத்திலும் காதிலும் வெள்ளைக் கோடு, பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். அவளுக்கு வேண்டியது பால் மறந்த பெட்டைக் குட்டி. நாலாயிரமாவது ஆகும் என்றார் அவள் அப்பா. சரி என்றாள், ஏதோ நாற்பது ரூபாய் மாதிரி.

2 பிப்ரவரி 2025

இங்கே பல கடைகளில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்கமாட்டார்கள். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும் "எங்ககிட்ட யாரும் வாங்கறதில்லம்மா" என்பதுதான் பதில். இதில் லாபம் சின்னவளுக்கு. செல்லாக்காசு என்று தெருவில் டப்பாவில் போட்டு வைத்திருந்ததெல்லாம் இப்போது அவளிடம் வருகிறது. பாட்டிக்கு வெற்றிலை வாங்கி வந்தால் ஒன்று, பக்கத்து வீட்டுக் கோழியை அடைத்தால் ஒன்று. வேறு காசு எதையும் உண்டியலில் போடுவதில்லை.

10 மே 2025

எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. ஈர்க்குச்சியை விட்டு நோண்டப் பார்த்தாள், அண்ணன்காரன் தடுத்துவிட்டான். அவன் சொன்ன வழி எனக்கே தோன்றாதது. உண்டியல் வாங்கிய அன்றே மளிகைக் கடைத் தராசில் வெறுமையாக எடை போட்டு, 800 கிராம் என்று அடியில் எழுதி வைத்திருக்கிறான். பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம். இன்று மொத்த எடை 2 கிலோ 340. உண்டியலைக் கழித்தால் 1,540 கிராம், அதை 7.71-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 200 காசு. இரண்டாயிரம்! கண்ட காசையும் கலந்து போட்டிருந்தால் இந்தக் கணக்கு எடுபட்டிருக்காது.

31 மே 2025

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு அப்பாவோடு போய்விட்டு உம்மென்று வந்தாள். அடுத்த சனி பக்ரீத். கிடாய்க்குத்தான் கிராக்கி, ஆனாலும் அந்தச் சூட்டில் பெட்டைக் குட்டிக்கும் ஐந்தாயிரத்து ஐந்நூறு சொல்லியிருக்கிறார்கள். "மீதிய நீங்க போடுங்கப்பா, நான் அப்புறம் தர்றேன்" என்று ராத்திரி வரைக்கும் ஒரே அழுகை. அவர் அசையவில்லை. பக்ரீத் முடியட்டும், அதற்குப் பிறகு ஆடிக் கொடைகள் இருக்கின்றன, அதுவும் முடிந்தால்தான் விலை இறங்கும் என்றார். எனக்கே கொஞ்சம் கல்நெஞ்சாகத்தான் பட்டது.

22 ஆகஸ்ட் 2025

3 கிலோ 880. அதாவது காசு மட்டும் மூன்று கிலோவுக்கு மேல். தூக்கும்போது அடி விட்டுவிடுமோ என்று சாக்கில் வைத்துத்தான் கடைக்கே கொண்டுபோனோம். ராத்திரி அவளே உடைத்தாள். எண்ணினால் 399. குறைந்த ஒன்றைப் பாட்டி கொடுத்தாள்.

23 ஆகஸ்ட் 2025

கையில் காசோடு சந்தைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். விலை இறங்கித்தான் இருந்தது. ஆனால் கட்டுப்படியான குட்டிகளில் ஒன்றுக்கு வாலடி நனைந்து ஒட்டிக் கிடந்ததாம், கழிச்சல். இன்னொன்றுக்கு மூக்கில் சளி, இருமல். பல இடத்து ஆடுகள் கூடும் இடம், ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்ளும். வேண்டாம் என்று சொன்னது அப்பா இல்லை, இவள். மே மாதம் அழுத பிள்ளைதானா என்று அவர் என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

30 ஆகஸ்ட் 2025

பக்கத்து ஊரில் ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவரிடம் நல்ல குட்டி இருக்கிறது. நாலு மாதம், இரட்டையில் ஒன்று, தாயையும் பார்க்கலாம். நாலாயிரத்துக்குப் பேசி முடிந்தது. பையை அவிழ்த்தால் தாத்தா கையை இழுத்துக்கொண்டார். "இந்தக் காச நான் எங்கம்மா கொண்டுபோயி மாத்துவேன்?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னவள் மட்டும் பையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, குட்டியை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

1 செப்டம்பர் 2025

வங்கியில் காசாளர் நூறு நூறாக அடுக்கி எண்ணி நோட்டாகக் கொடுத்தார், முகம்தான் கொஞ்சம் கோணிற்று. சாயங்காலம் குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. முதல் வேலை ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி, நாளை மறுநாள் கால்நடை மருந்தகத்துக்குப் போகிறோம். எப்போது குட்டி போடும் என்று கேட்டாள். பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகாமல் கிடாயோடு சேர்க்கக் கூடாது, அதற்குமேல் சினைக்காலம் ஐந்து மாதம் என்றார் அவள் அப்பா. காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷக் காலண்டர் எப்போது வரும் என்று கேட்கிறாள்.