«ஊர்»க்குப் பின்னால் வரும் வேற்றுமை உருபு

ஒரு கடையில் பத்தமடைப் பாய் வாங்கிய பழைய வாடிக்கையாளர்கள் 212 பேருக்கு, ஒரே கடிதத்தில் அவரவர் விவரத்தைத் தானாக நிரப்பும் வேர்டின் மெயில் மெர்ஜ் வழியாகத் தீபாவளிக் கடிதம் போனது. அதற்கு வந்த ஒரு பதில் இன்னும் உறுத்துகிறது.

எக்செல் தாளில் பெயர், ஊர், வாங்கிய பொருள், மின்னஞ்சல் என நான்கு நெடுவரிசைகள். ஆங்கிலக் கடிதமென்றால் இதுவே போதும். தமிழில் பெயர்ச்சொல் அப்படியே நிற்பதில்லை. «ஊர்» என்ற புலத்தை ஒட்டி "இல்" என்று அடித்தால் "அம்பாசமுத்திரம்இல் உங்கள் வீட்டில்" என்று போகும். படித்த கணமே இயந்திரக் கடிதம் என்று தெரிந்துவிடும். அதனால் தாளிலேயே "ஊரில்" என்று இன்னொரு நெடுவரிசை போட்டோம்:

```
=IF(RIGHT(B2,2)="ம்",LEFT(B2,LEN(B2)-2)&"த்தில்",B2&"யில்")
```

கணினிக்கு "ம்" என்பது எழுத்தும் புள்ளியுமாக இரண்டு குறி, அதனால்தான் 2. அம்பாசமுத்திரத்தில், கடையத்தில், பாளையங்கோட்டையில், பணகுடியில் எல்லாம் சரியாக வந்தன. வள்ளியூரும் களக்காடும் "வள்ளியூர்யில்", "களக்காடுயில்" என்று பல்லிளித்தன. அவற்றைக் கையால் திருத்தினோம். பெயருக்கு உருபே வராதபடி "வணக்கம் «பெயர்» அவர்களே" என்று வாக்கியத்தை அமைத்துக்கொண்டோம். முதலெழுத்தைத் தனி நெடுவரிசைக்கு மாற்றாவிட்டால் "வணக்கம் சு. முருகன் அவர்களே" என்று போயிருக்கும்.

வாங்கிய பொருள் நெடுவரிசையில் கடைக்காரர் என்றோ எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. மணமக்கள் பெயர் நெய்த பாய்க்கு "மகள் கல்யாணப் பாய்" என்றிருந்தது. அது "நீங்கள் வாங்கிய மகள் கல்யாணப் பாய்" என்று விழுந்தால் இடறும். ஆகவே அந்த வரிசைகளில் மட்டும் "உங்கள் மகள் கல்யாணத்துக்கு நெய்த பாய்" என்று முழுத் தொடராக மாற்றினோம். Preview Results அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, உண்மையில் ஒருவர் உட்கார்ந்து எழுதியது போலவே இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் களக்காட்டு அண்ணாச்சி ஒருவர் பதில் எழுதினார்: "எங்க வீட்டுக் கல்யாணத்த மறக்கலியே தம்பி. அன்னைக்குக் கடையில பாய விரிச்சிக் காட்டுன தம்பிதானே நீங்க?"

அந்தக் கல்யாணம் நடந்தபோது நான் அந்தக் கடையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அதற்காகக் கடிதம் பொய்யாகிவிடுமா? பாய் உண்மை, கல்யாணம் உண்மை, குறிப்பை எழுதிவைத்த கையும் உண்மை. பெயர் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையை யாரும் பொய் என்பதில்லை. ஆனால் பத்திரிகை தன்னைக் கைக்கடிதமாகக் காட்டிக்கொள்வதும் இல்லை. "களக்காடுயில்" என்றே விட்டிருந்தால் அவருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நன்றி சொல்லி, மகளை விசாரித்து எழுதினேன். அவர் கேட்டதற்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பொங்கல் கடிதத்தில் வாங்கிய பொருள் நெடுவரிசையை எடுத்துவிடலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அதுக்குத்தானய்யா பதில் வருது" என்றார். தாளில் அது இன்னும் இருக்கிறது.