மைனஸ் ஆறரைக் கண்ணாடியோடு மணமேடைக்கு

நிச்சயதார்த்த ஆல்பம் வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி அதை மூன்று தடவை புரட்டிப் பார்த்தேன். புடவை நன்றாக இருந்தது. தோவாளையிலிருந்து அப்பா வாங்கி வந்த பிச்சிப்பூ நன்றாக இருந்தது. என் கண்ணைத்தான் காணோம். கண்ணாடிக்குள்ளே இரண்டு கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தது. மேக்கப் போட்டவர் மேலேயும் கீழேயும் பட்டையாக மை தீட்டியிருந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது பெரிய கண்ணாகத் தெரிந்தது, மாட்டியதும் சுருங்கிப் போனது.

எனக்கு இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 6.5. கண் வறட்சி இருப்பதால் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். "கல்யாணத்தன்னைக்கு மட்டும் கழற்றி வச்சிரேன்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கழற்றினால் மேடை ஏறி வருவது யாரென்று எனக்குத் தெரியாது. கண்ணாடியோடுதான் உட்காருவேன் என்று முடிவு செய்தேன். ஆவணியில் கல்யாணம், கையில் மூன்று மாதம் இருந்தது.

முதலில் போனது கண்ணாடிக் கடைக்கு. மெலிசான லென்ஸ் போட்டால் கண் பெரிதாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவிலில் எனக்கு வழக்கமாகக் கண்ணாடி செய்து தருகிற அண்ணன் அது தப்பு என்றார். மெலிசான லென்ஸால் ஓரத்துத் தடிமன் குறையும், வளையம் வளையமாகத் தெரிவதும் குறையும். ஆனால் கண் எவ்வளவு சுருங்கித் தெரியும் என்பதைப் பவரும், லென்ஸ் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும்தான் தீர்மானிக்கின்றன. என் பழைய ஃபிரேம் மூக்கில் வழுக்கி 16 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அந்தத் தூரத்தில் கண் 9 சதவீதத்துக்கு மேல் சின்னதாகத் தெரியும். 12 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அது ஏறத்தாழ 7 சதவீதமாகும். கேட்க அற்ப வித்தியாசம்தான், ஆனால் போட்டோவில் தெரிகிறது. மூக்குப்பட்டையை வளைத்துச் சரிசெய்யக்கூடிய மெல்லிய உலோக ஃபிரேமாக, மேல்விளிம்பு புருவத்துக்குக் கீழே நிற்கும்படி ஒன்று எடுத்தோம். கூடவே பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங்கும். அது இல்லாவிட்டால் ஃப்ளாஷ் வெளிச்சம் லென்ஸில் பட்டு, கண்ணில் செய்த வேலை எல்லாம் மறைந்துவிடும்.

லென்ஸ் பக்கத்தில் வந்ததும் இன்னொரு சிக்கல் வந்தது, இமைமுடி லென்ஸில் உரசியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேக்கப்புக்குத் தக்கலையில் பார்லர் வைத்திருக்கிற ஒரு அக்காவிடம் போனேன். அவர் முதல் நாளே சொன்னது: "மக்ளே, ஒரு கோடு போட்டா கண்ணாடிய மாட்டிப் பாக்கணும். அப்புறந்தான் அடுத்த கோடு." நிச்சயதார்த்தத்தில் நடந்த தவறே அதுதான். எல்லாம் முடிந்த பிறகுதான் கண்ணாடியை மாட்டினோம்.

கீழ்க்கண்ணில் இருந்து ஆரம்பித்தார். இமைமுடிக்கும் கண்ணுக்கும் நடுவே ஈரமான ஓர் உள்விளிம்பு இருக்கிறது, சின்ன வயசிலிருந்து நாம் மை தீட்டுகிற இடம். அங்கே கறுப்பு வந்தால் கண்ணின் வெள்ளை அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். ஏற்கெனவே லென்ஸ் சுருக்கிய கண்ணுக்கு அது இரட்டை நஷ்டம். சிலருக்கு அந்த இடத்தில் தோல் நிறப் பென்சில் போட்டுவிடுவாராம். எனக்கு அதுவும் வேண்டாமென்று விட்டுவிட்டார். கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கிற எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய் அந்த விளிம்பில்தான் இருக்கிறது, வறண்ட கண்ணில் அதை அடைக்கக் கூடாது. வெறுமனே விட்டதற்கே கண் திறந்துகொண்டது. அம்மாவுக்கு மட்டும் மை இல்லாத மணப்பெண் என்பது மனசுக்கு ஒப்பவில்லை. அதனால் கீழ் இமைமுடியின் வேருக்கு வெளியே, கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், பழுப்புப் பென்சிலை லேசாகத் தேய்த்துக் கலைத்துவிட்டார்.

மேல் இமையில் கறுப்பு ஐலைனர்தான். மூக்குப் பக்கம் நூல் போல ஆரம்பித்து, கண்ணின் பாதி தாண்டிய பிறகு தடித்தது. வால் நீட்டவில்லை. ஏன் என்று கேட்டபோது நீட்டிக் காட்டினார். லென்ஸுக்கு உள்ளே இருக்கிற முகம் சின்னதாகத் தெரியும், வெளியே இருப்பது உள்ளபடி தெரியும். நீண்ட வால் லென்ஸ் ஓரத்தைத் தாண்டும் இடத்தில், தண்ணீரில் பாதி முங்கிய குச்சி மாதிரி ஒடிந்து தெரிந்தது. இரண்டு மில்லிமீட்டரில் மேல்நோக்கி நிறுத்தியதும் அது போய்விட்டது.

ஐஷேடோவில் மினுமினுப்பைத் தவிர்த்தார். இமையில் வெளிர்பீச் நிறம், அதற்கு மேலே பழுப்பு. அந்தப் பழுப்பை இமை மடிகிற கோட்டிலேயே வைக்காமல் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தார். கண்ணைத் திறந்தாலும் அது தெரிய வேண்டும். வழக்கத்தைவிட ஒரு சாயல் அழுத்தமாகவே போட்டார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் கூடுதலாகத்தான் இருக்கும், மாட்டினால் அளவாகிவிடும்.

இப்போது இமைமுடி. ஒட்டு இமை வைத்துப் பார்த்தோம், கண் சிமிட்டும்போதெல்லாம் லென்ஸைத் துடைப்பம் மாதிரி பெருக்கியது. அதை எடுத்துவிட்டு, முதலில் கர்லரால் வேரோரம் பத்து விநாடி பிடித்து முடியை மேலே வளைத்தார். பிறகு மஸ்காராவை வேரில் நன்றாக அசைத்துப் பூசி, நுனிக்கு வெறும் தொடுகையோடு நிறுத்தினார். ஐந்து நிமிஷம் காயவிட்டு, கண்ணாடியை மாட்டிப் பத்துத் தடவை சிமிட்டச் சொன்னார். கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸின் உள்பக்கத்தைப் பார்த்தோம். இடது லென்ஸில் சின்னச் சின்னதாக நாலு கறுப்புக் கீற்று. மறுநாள் கடையில் மூக்குப்பட்டையை ஒரு மயிரிழை வெளியே தள்ளினோம். அடுத்த சோதனையில் லென்ஸ் சுத்தமாக இருந்தது.

ஃபிரேமின் நிழல் கண்ணுக்குக் கீழே விழுவதற்கு, முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டர், அதன்மேல் தோல் நிறத்திலேயே கன்சீலர். வெளுப்பான கன்சீலர் நம் நிறத்துக்குச் சாம்பல் பூத்துவிடும். மூக்குப்பட்டை உட்காரும் இடத்தில் ஃபவுண்டேஷனைக் கிட்டத்தட்ட துடைத்தே எடுத்துவிட்டுப் பவுடர் ஒற்றினார். நம்மூர்ப் புழுக்கத்தில் அங்கே பூசினால் கண்ணாடி வழுக்கி இறங்கும், லென்ஸ் பழையபடி தள்ளிப்போகும், கண் மறுபடி சுருங்கும்.

நானே வீட்டில் பழகுவதற்காக, பெரிதாகக் காட்டுகிற முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கினேன். எவ்வளவு முயன்றும் மங்கலாகவே தெரிந்தது. கடை அண்ணன்தான் விளக்கினார். மைனஸ் 6.5 கண்ணுக்கு 15 சென்டிமீட்டர் வரைதான் வெறும் கண்ணில் தெளிவு. சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடியில் பிம்பம், கண்ணாடி இருப்பதைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும். அதனால் ஏழு சென்டிமீட்டரில், அதாவது உள்ளங்கை அகலத்தில், பிடிக்க வேண்டும். பெரிதாக்கும் கண்ணாடியோ பிம்பத்தை இன்னும் பின்னால் தள்ளிவிடும். அதற்குப் பிறகு பவுடர் டப்பாவில் வருகிற சின்னக் கண்ணாடியை மூக்குக்கு நேரே பிடித்துத்தான் ஐலைனர் போடப் பழகினேன்.

கல்யாணத்தன்று காலை மழை. மண்டபத்தில் வியர்த்து ஊற்றியது. தாலி கட்டி முடிந்ததும் மைனி என் கண்ணாடியைக் கழற்றித் துணியால் துடைத்து, மூக்கில் ஒரு டிஷ்யூவை ஒற்றி, திரும்ப மாட்டிவிட்டாள். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. போட்டோவில் என் கண்ணின் வெள்ளை தெரிகிறது, நான் யாரைப் பார்க்கிறேன் என்பதும் தெரிகிறது.

மறுவீட்டுக்குக் கிளம்பும்போது மாமியார் எனக்குச் செய்த மாதிரியே தனக்கும் செய்யச் சொன்னார். அவருக்குப் பிளஸ் 3. பிளஸ் லென்ஸ் கண்ணைப் பெரிதாக்கும், கூடவே மஸ்காராவின் திரளையும் கோணலான கோட்டையும் பெரிதாக்கும். அதனால் அழுத்தமான பழுப்பை விட்டுவிட்டு, இமையோடு ஒட்டி மெல்லிய கோடும் ஒரே பூச்சு மஸ்காராவும் மட்டும் போட்டேன். உள்விளிம்பில் அவர் ஆசைப்பட்டபடி மையும் தீட்டினேன், அந்தக் கண்ணுக்கு அது தாங்கும். பக்கத்தில் இருப்பது அவருக்கு மங்கும் என்பதால், பெரிதாக்கும் அந்தக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். புருவத்தை அவரே சீராக வரைந்துகொண்டார். இப்போது அது அவர் அலமாரியில் இருக்கிறது.