20 சதவீதம் வெட்டி 20 சதவீதம் கூட்டினால் 2,000 எங்கே போகிறது?

மாதம் 50,000 வாங்குகிறவருக்கு 20 சதவீதம் வெட்டினால் கைக்கு வருவது 40,000. நிலைமை தேறியதும் "20 சதவீதம் உயர்வு தந்து பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம்" என்று கடிதம் வரும். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் 48,000தான் இருக்கும். சம்பளக் கணக்கு பார்க்கிறவர்களிடம் உடனே கேள்வி வரும்: மீதி 2,000 எங்கே?

யாரும் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. வெட்டியது 50,000-இல் 20 சதவீதம், அதாவது 10,000. கூட்டியது 40,000-இல் 20 சதவீதம், அது 8,000தான். போன 10,000 பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இப்போதைய சம்பளத்தில் அதே தொகை நான்கில் ஒரு பங்கு. ஆகவே தேவைப்படும் உயர்வு 25 சதவீதம். வெட்டு பெரிதாக ஆக இந்த இடைவெளியும் விரியும்: 10 சதவீத வெட்டுக்குச் சுமார் 11.1, 30-க்குச் சுமார் 42.9, பாதிச் சம்பளம் போனால் 100 சதவீதம். விரிதாளில் பார்க்க விரும்பினால் A1-இல் பழைய சம்பளத்தையும் B1-இல் இப்போதையதையும் போட்டு இதை எழுதுங்கள். கட்டத்தைச் சதவீத வடிவத்துக்கு மாற்றினால் விடை நேராகத் தெரியும்.

```
=A1/B1-1
```

பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சதவீதத்தை விட்டுவிடுவது நல்லது. "25 சதவீத உயர்வு" என்றால் எதிரில் இருப்பவர் காதில் அது பெரிய கோரிக்கையாக விழும். "வெட்டியது 20தானே" என்று பதில் வரும். "மாதச் சம்பளம் மீண்டும் 50,000" என்று கேட்டால் வாதத்துக்கு இடமில்லை. கடிதத்திலும் தொகையையே எழுதி வாங்குங்கள். "20 சதவீதம் திரும்பத் தரப்படும்" என்ற வரியை 10,000 என்றும் படிக்கலாம், 8,000 என்றும் படிக்கலாம். கணினியில் பதிவேற்றுகிறவர் பெரும்பாலும் இப்போதைய சம்பளத்தின் மேல்தான் கணக்குப் போடுவார்.

தவணையாகத் தருகிறோம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு முறை 10 சதவீதம் கூட்டினால் 40,000 முதலில் 44,000, பிறகு 48,400. அப்போதும் 1,600 குறைகிறது. இரண்டு தவணையில் பழைய சம்பளத்தைத் தொட ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 11.8 சதவீதம் வேண்டும். அதைவிட எளிது, தவணைக்கு 5,000 என்று தொகையாகப் பிரித்துக்கொள்வது. வழக்கமான 5 சதவீத ஆண்டு உயர்வையே ஈடாகக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு ஆண்டு முடிவில் 48,620தான், ஐந்தாவது ஆண்டில்தான் 50,000 தாண்டும்.

ஈடும் ஆண்டு உயர்வும் ஒரே சமயத்தில் வந்தால் எது முன்னால் என்று கேளுங்கள். முதலில் 10,000 திரும்ப வந்து, அதன் பிறகு 5 சதவீதம் கூட்டினால் 52,500. 5 சதவீதத்தை முதலில் கூட்டிவிட்டு 10,000 சேர்த்தால் 52,000. மாதம் 500 வித்தியாசம். அடுத்த ஆண்டு உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் விழும். ஈட்டையும் 25 சதவீதம் என்றே கணக்கிட்டால் வரிசை எப்படி இருந்தாலும் 52,500தான்.

தொகை சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பழைய 50,000-இல் அடிப்படைச் சம்பளம் 30,000, படிகள் 20,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 20 சதவீதம் வெட்டியதில் 24,000 - 16,000 ஆனது. திருப்பித் தரும்போது அடிப்படையைத் தொடாமல் 10,000 முழுவதையும் ஏதோ ஒரு படியில் போட்டுவிடுவதுண்டு. மொத்தம் 50,000 என்று சீட்டு காட்டும். அடிப்படை 24,000-லேயே நிற்கும். மிகைநேர ஊதியம், விடுப்புக்கு ஈடான பணம், ஓய்வுக்கால நிதிப் பிடித்தம் போன்றவை அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும் இடங்களில் அவை 20 சதவீதம் குறைந்தபடியே தொடரும். மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு இது கண்ணில் படவே படாது. வெட்டுக்கு முந்தைய மாதச் சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுவதுதான் வழி. அதற்காகவாவது அந்தப் பழைய சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வெட்டு நடப்பில் இருந்த மாதங்களின் பணம் தனிக் கணக்கு. ஓராண்டு நீடித்திருந்தால் 1,20,000. 25 சதவீத உயர்வு இனி வரும் மாதங்களைத்தான் சரிசெய்யும். விட்டுப்போனதை நிலுவை என்று தனியாகக் கேட்டு, தொகையையும் தேதியையும் எழுத்தில் வாங்க வேண்டும். இடையில் வேறு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: புதிய இடத்தில் "இப்போதைய சம்பளத்துக்கு மேல் 30 சதவீதம்" என்றால் 52,000. பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது வெறும் 4 சதவீதம்.