இரண்டு குரல், ஒரே ஆள்: உரையாடல் எழுத்துத் தாளில் இரண்டாம் முறை தேறிய கதை

நேற்று முடிவு வந்தது. ஒலிநிரல் எழுத்துப் பட்டயத்தின் மூன்றாம் தாளில் 40க்கு 33. ஒருவர் பேசும் தனிக்குரல் பிரதியைக் கொடுத்து, அதை இருவர் பேசும் உரையாடலாக மாற்றச் சொல்லும் தாள் அது. போன முறை 16. இடைப்பட்ட ஆறு மாதத்தில் நான் புதிதாகப் படித்தது மிகக் குறைவு. ஒரே ஒரு தவறைத்தான் திருத்திக்கொண்டேன். அதை எழுதாமல் தூக்கம் வரவில்லை.

முதல் முறை, தனிக்குரல் பிரதியை வரிவரியாகக் கிழித்து, ஒற்றைப்படை வரியை ஒருவருக்கும் இரட்டைப்படை வரியை மற்றவருக்கும் கொடுத்திருந்தேன். நடுவே 'ஆமாம்', 'சரியாகச் சொன்னீர்கள்' என்று நாலு இடத்தில் ஒட்டு. விடைத்தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது ஓரத்தில் நாலே சொல் இருந்தது: "இரண்டு குரல், ஒரே ஆள்." அந்த நாலு சொல்தான் எனக்கு ஆறு மாதப் பாடம்.

கேள்விக்கு வந்த பிரதி நாட்காட்டித் திருத்தம் பற்றியது. அதில் ஒரு பத்தி:

"1582 அக்டோபர் 4ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15 என்று அறிவிக்கப்பட்டது. பழைய ஜூலியன் நாட்காட்டி ஓர் ஆண்டை 365¼ நாளாகக் கணக்கிட்டது. உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. வசந்த சமநாளை 325ஆம் ஆண்டில் இருந்த தேதிக்கே கொண்டுவர 10 நாட்கள் நீக்கப்பட்டன."

இதை இரண்டாகப் பிரிக்கும் முன் கேட்க வேண்டியது, யாருக்கு என்ன தெரியும் என்பதைத்தான். இருவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால் அவர்கள் பேசிக்கொள்ளக் காரணமே இல்லை. 11 நிமிடத்துக்கும் 10 நாளுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. தனிக்குரல் அதை ஒரே மூச்சில் தாண்டிவிடும். கேட்பவர் அங்கேதான் விழுவார், குறுக்கே பேசுபவர் நுழைய வேண்டிய இடமும் அதுதான். வீட்டில் பழகும்போது பிரதியைச் சத்தமாகப் படித்து, "எப்படி?" என்று எனக்குத் தோன்றிய இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு சுழி போட்டேன். பக்கத்துக்கு ஐந்து, ஆறு சுழிக்கு மேல் வராது. குறுக்கீடு அந்தச் சுழிகளில் மட்டும்தான். மற்ற இடத்தில் குறுக்கிட்டால் அது வெறும் சத்தம்.

இரண்டாம் முறை வேறு பிரதி வந்தது. ஆனால் நான் பழகியது பழைய பத்தியை வைத்துத்தான். பத்துத் தடவைக்கு மேல் திருத்தி இங்கே வந்து நின்றது:

அ: 1582ல, இத்தாலி, ஸ்பெயின் பக்கமெல்லாம், அக்டோபர் 4 ராத்திரி தூங்கப் போனவங்க காலையில எழுந்து பார்த்தா தேதி / பதினஞ்சு.
ஆ: அஞ்சு.
அ: பதினஞ்சு.
ஆ: நடுவுல பத்து நாள் எங்க போச்சு?
அ: வருஷத்துக்கு 365¼ நாள்னு கணக்கு வச்சிருந்தாங்க. நிஜ வருஷம் அதைவிட 11 நிமிஷம் கம்மி.
ஆ: 11 நிமிஷத்துக்கா பத்து நாளைத் தூக்கினாங்க?
அ: வருஷா வருஷம் 11. சுமார் 130 வருஷம் சேர்ந்தா / ஒரு நாள் ஆயிடும்.
ஆ: ஒரு நாள். இருங்க, அப்படின்னா 1582 வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் தூக்கியிருக்கணுமே?
அ: கணக்கைக் கி.பி. 325ல இருந்து எடுத்தாங்க. நடுவுல இருக்கிறது 1257 வருஷம்தான்.
ஆ: ஓ, அதான் பத்து.

'பன்னிரண்டு நாள்' கேள்வி மூலத்தில் இல்லை. ஆனால் அதற்கான விடை, அந்த 325, மூலத்திலேயே கவனிப்பாரற்றுக் கிடந்தது. புதுத் தகவல் எதுவும் சேர்க்காமல் இப்படி ஒரு சந்தேகத்தை எழுப்ப முடிந்தால் இரண்டாவது குரலுக்கு உயிர் வந்துவிடும்.

சாய்கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேர்வில் எழுதிய பிரதியை முன்பின் தெரியாத இருவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வாசிப்பார்கள். பழகும்போது முதலில் நான் "எழுந்து பார்த்தா தேதி..." என்று புள்ளி வைத்து விட்டிருந்தேன். வாசித்தவர் புள்ளியில் நின்றார், அடுத்தவர் ஒரு நொடி கழித்து வந்தார். குறுக்கீடு செத்தது. வெட்டுப்படும் வாக்கியத்தையும் கடைசிவரை எழுதுங்கள், மற்றவர் நுழையும் இடத்தில் '/' போடுங்கள். முதலாமவர் நிறுத்தாமல் படிப்பார், இரண்டாமவர் கோட்டில் ஏறுவார். ஒன்று மட்டும் கவனம்: கோட்டுக்குப் பின்னால் உள்ள சொல் குரல்களுக்கு அடியில் புதையும். அதனால்தான் 'பதினஞ்சு' மறுபடி வருகிறது. 'ஒரு நாள்' என்பதை ஆ வாங்கிச் சொல்வதும் அதற்குத்தான்.

எங்கே வெட்டுவது என்பதற்குத் தமிழ் நமக்கு ஒரு வசதி வைத்திருக்கிறது. வினை கடைசியில் வரும். 'சேர்ந்தா', 'வந்து', 'பார்த்தா' என்று எச்சத்தில் வாக்கியம் தொங்கும்போது கேட்பவர் மனம் முடிவைத் தேடி முன்னே ஓடுகிறது. அங்கே இன்னொருவர் முந்திக்கொண்டு முடித்தால், சரியாக முடித்தாலும் தப்பாக முடித்தாலும், இயல்பாக இருக்கும். வினைமுற்று வந்தபின் நுழைவது வெறும் முறை மாற்றம். வேற்றுமை உருபுக்கு முன்னால் பெயர்ச்சொல்லில் வெட்டினால் வாசிப்பவர் தடுமாறியதுபோல் கேட்கும்.

கைமாற்றம்: "இதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பதை எழுதவே எழுதாதீர்கள். அந்தாதி போல, ஒருவர் விட்ட சொல்லை அடுத்தவர் எடுக்கட்டும்.

அ: பிழை திரும்பச் சேராம இருக்க ஒரு விதி போட்டாங்க.
ஆ: விதி எனக்குத் தெரியும்! நூறுல முடியுற வருஷம் லீப் கிடையாது, 400ஆல வகுபட்டாத்தான் உண்டு. 1900 இல்ல, 2000 உண்டு.

இங்கே தெரிந்தவர் மாறிவிட்டார். கடைசிவரை ஒருவரே கேட்டு ஒருவரே சொன்னால் அது பேட்டி. பாதியிலாவது ஒருமுறை தராசு சாய வேண்டும். அந்தாதியும் மூன்று இடத்துக்கு மேல் வந்தால் பாட்டு வாடை அடிக்கும்.

நேரத்தில் நான் செய்தது:

- முதல் 20 நிமிடம் எழுதவில்லை. சுழி போட்டு, எது யாருக்குத் தெரியும் என்று ஓரத்தில் அ, ஆ குறித்தேன்.
- மேலே உள்ள பத்தி உரையாடலாக மாறியதும் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதனால் தேர்வில் முதலிலேயே தகவல்களில் மூன்றில் ஒரு பங்கை அடித்தேன். சுழி விழாத தகவல்தான் முதலில் போகும்.
- 'ஆமாம்', 'சரி', 'அப்படியா' தனி வரியாக வந்தால் அடித்தேன். 'ஓ, அதான் பத்து' நிற்கலாம், அதில் ஒரு முடிச்சு அவிழ்கிறது.
- ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பது தொடக்கத்தில் ஒருமுறை மட்டும்.
- கடைசிப் பத்து நிமிடம் அ, ஆ அடையாளங்களைக் கையால் மறைத்துப் படித்தேன். யார் பேசுவது என்று குழம்பிய வரிகளை மட்டும் மாற்றி எழுதினேன்.

நான் பொதுவாக மெதுவாகப் பேசுகிறவன், குறுக்கே பேசப் பிடிக்காது. அதனால் என் பிரதியில் குறுக்கீடு குறைவு. வேகமாகப் பேசுகிறவர்களுக்குச் சுழி அதிகம் விழும், அவர்கள் அடிக்க வேண்டியதும் அதிகம். இந்த முறை விடைத்தாளைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவின்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். நான் எழுதியிருந்த ஒரு சந்தேக வரி வந்தபோது, அதை வாசித்தவர் தாளிலிருந்து கண்ணை எடுத்து எதிரே இருந்தவரைப் பார்த்துக் கேட்டார்.